நிகழ்ச்சியில் பார்த்தவருக்கு எழுதும் இமெயில்: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். ரெசுமி அச்சடிக்க வரும் பிள்ளைகள், ஈப்போவில் வேலைக் கண்காட்சிக்கோ ஏதாவது தொழில்துறைச் சந்திப்புக்கோ போய்விட்டு, சட்டைப்பையில் நாலைந்து பெயர் அட்டைகளோடு திரும்பவும் வருகிறார்கள். "இவருக்கு இப்ப என்னக்கா எழுதுறது?" என்ற கேள்வியை ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

கார்டுலயே போன் நம்பர் இருக்கு அக்கா, வாட்ஸ்அப்ல ஒரு வணக்கம் போட்டா போதாதா?

"வாட்ஸ்அப் பண்ணு" என்று அவரே வாயால் சொல்லியிருந்தால் தாராளமாகப் போடு, அப்போது இமெயில் அனுப்பினால்தான் தப்பு. அவர் ஒன்றும் சொல்லாமல் அட்டையை மட்டும் நீட்டினார் என்றால் இமெயில்தான் நல்லது. ஒரு தொழிற்சாலையில் பொறுப்பில் இருப்பவரின் வாட்ஸ்அப்பில் ஷிப்ட் குரூப், குடும்பக் குரூப், கோயில் குரூப் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் நீ போட்ட வணக்கம் மதியத்துக்குள் அடியில் போய்விடும். தெரியாத எண்ணிலிருந்து வந்த வணக்கத்தை இப்போதெல்லாம் மோசடி என்று நினைத்துத் திறக்காமலே விடுகிறவர்களும் நிறைய.

இமெயிலுக்கு வேறு ஒரு பலன் உண்டு. உன்னை வேலைக்கு எடுப்பது பெரும்பாலும் நீ பார்த்த ஆளாக இருக்க மாட்டார், மனிதவளப் பிரிவில் இருக்கும் இன்னொருவராக இருப்பார். இமெயில் என்றால் "இந்தப் பெண்ணைப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்து அவர் அப்படியே அந்தப் பிரிவுக்கு அனுப்பிவிட முடியும். மூன்று மாதம் கழித்து ஆள் தேவைப்படும்போது தேடினாலும் கிடைக்கும்.

சரி, அதுல என்னதான் எழுதணும்? சந்தித்ததில் மகிழ்ச்சின்னு ரெண்டு வரி போதுமா?

போதாது, ஏனென்றால் அவர் அந்த வரியைப் படித்துவிட்டு "யாரிது?" என்றுதான் கேட்பார். அன்றைக்கு அவர் காலையிலிருந்து நின்றுகொண்டு ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகளிடம் ஒரே மாதிரி பேசியிருக்கிறார். உன் பெயர் அவர் காதில் விழுந்ததோடு சரி. முகம் நினைவிருக்கலாம், ஆனால் இமெயிலில் முகம் இல்லை.

எழுத வேண்டியது மூன்றுதான்: எங்கே எப்போது பார்த்தோம், என்ன பேசினோம், இப்போது உனக்கு அவரிடமிருந்து என்ன சின்ன விஷயம் வேண்டும். இதில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது நடுவில் இருப்பதை. "என்ன பேசினோம்" என்றால் தான் சொன்னதை எழுதிவிடுகிறார்கள்: நான் இந்தப் படிப்பு படித்தேன், இந்த மாதிரி வேலை தேடுகிறேன் என்று சொன்னேனே, அது நான்தான் என்று. அதைத்தான் அன்றைக்கு எல்லாரும் அவரிடம் சொன்னார்கள். அவருக்கு நினைவிருப்பது அவர் சொன்னதுதான். அவர் சொன்ன ஒரு குறை, சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு சம்பவம், உன்னிடம் திருப்பிக் கேட்ட ஒரு கேள்வி, இதில் ஏதாவது ஒன்றை எடுத்து எழுது. "ஆமாம், இதை ஒரு பெண்ணிடம் சொன்னேனே" என்று தோன்றிவிட்டால் போதும், மீதியை அவரே நினைவுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

ஒரு மாதிரி காட்டுங்கக்கா, பார்த்து எழுதிக்கிறேன்.

பார்த்து எழுது, பார்த்து அப்படியே அடிக்காதே. ஒரு பெண், கவிதா என்று வைத்துக்கொள்வோம், பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா முடிக்கப்போகிறாள். ஈப்போ வேலைக் கண்காட்சியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவு மேலாளரோடு கொஞ்ச நேரம் பேசினாள். அவர் திரு. லிம் என்று இருக்கட்டும். அவள் முதலில் எழுதிக்கொண்டு வந்தது இந்த மாதிரி இருந்தது என்று நினைத்துக்கொள். (உண்மையில் இது ஆங்கிலத்திலோ மலாயிலோ போகும், சங்கதி புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்.)

> மதிப்பிற்குரிய ஐயா, நேற்று தங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி அடைகிறேன். தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது. நான் கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றும் திறன் உடையவள். தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் எனக்கு ஒரு வாய்ப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் ரெசுமியையும் சான்றிதழ்களையும் இணைத்துள்ளேன்.

இதில் ஒரு வரியும் பொய் இல்லை, ஆனால் இதை யாரும் யாருக்கும் அனுப்பலாம். லிம்மின் பெயரே இல்லை. கேட்பதோ அவர் தனியாளாகக் கொடுக்க முடியாத ஒன்று. நான் அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவர் உன்னிடம் என்ன சொன்னார்? யோசித்துப் பார்த்தால் ஞாபகம் வரும். இரவு ஷிப்டில் மோட்டாரின் பேரிங் சூடாகிக்கொண்டே போகும், அதை யாரும் குறித்துவைப்பதில்லை, காலையில் மோட்டார் நின்ற பிறகுதான் தெரிகிறது என்று அவர் அலுத்துக்கொண்டார். அவளுடைய இறுதியாண்டு புராஜெக்ட்டே மோட்டார் வெப்பத்தை சென்சார் வைத்துப் பதிவுசெய்வதுதான். அப்புறம் என்ன?

> திரு. லிம் அவர்களுக்கு,
>
> சனிக்கிழமை ஈப்போ வேலைக் கண்காட்சியில், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் கூடத்தில் பேசிய மின்னியல் டிப்ளோமா மாணவி நான். இரவு ஷிப்டில் பேரிங் சூடாவதை யாரும் குறித்துவைப்பதில்லை, காலையில் மோட்டார் நின்ற பிறகுதான் தெரிகிறது என்று சொன்னீர்கள்.
>
> என் இறுதியாண்டு புராஜெக்ட் அதைப் பற்றியதுதான்: மோட்டாரின் வெப்பத்தை சென்சார் மூலம் பதிவுசெய்து, அளவு மீறினால் எச்சரிக்கை தருவது. இரண்டு பக்கச் சுருக்கம் இருக்கிறது, வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.
>
> அடுத்த மாதம் படிப்பு முடிகிறது. உங்கள் பிரிவில் புதிய டெக்னீஷியன்களை எடுக்கும்போது நான் யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?
>
> நன்றி.
> கவிதா
> சுங்கை சிப்புட் (சொந்த மோட்டார் சைக்கிள் உண்டு, இரவு ஷிப்டும் சரி)
> போன் எண்

இவ்வளவுதான், போனில் ஒரு தடவை தள்ளினால் முடிந்துவிடும். கடைசியில் கேட்டிருப்பதைக் கவனி. "வேலை கொடுங்கள்" என்று கேட்டால் அவர் யோசிக்க வேண்டும், யோசிக்க வேண்டிய இமெயிலைத் தள்ளிப்போடுவார்கள். "யாரிடம் விண்ணப்பிக்கணும்" என்று கேட்டால் ஒரு பெயரை அடித்து அனுப்ப அரை நிமிடம். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அடைப்பு வரியும் சும்மா இல்லை. தோட்டத்துப் பக்கத்துப் பிள்ளை என்றால் ஷிப்ட் முடிந்து எப்படி வீட்டுக்குப் போவாள் என்ற சந்தேகம் தொழிற்சாலைக்காரர்களுக்கு உடனே வரும், அவர்கள் கேட்பதற்கு முன்னால் பதில் இருந்துவிட்டால் நல்லது. வாகனம் இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடு, இல்லாததை எழுதாதே.

தலைப்புல என்ன போடறது? நான் வெறும் "Hi" போட்டேன்.

போனில் பார்க்கும்போது தலைப்பின் முதல் ஐந்தாறு சொல்தான் தெரியும், மீதி வெட்டிப்போகும். ஆகவே அவர் அடையாளம் காணும் சொல் முதலில் வரட்டும். "மோட்டார் பேரிங் பற்றிப் பேசியது, ஈப்போ கண்காட்சி, சனி" என்கிற மாதிரி. உன் பெயரை அங்கே போடாதே, அனுப்புகிறவர் பெயர் பக்கத்திலேயே தெரிகிறது. "Hi", "வேலை", "அவசரம்" என்று வரும் தலைப்புகள் ஸ்பாமில் விழுவதற்கும் வாய்ப்பு அதிகம்.

எப்ப அனுப்பணும்? பஸ்ல வரும்போதே அனுப்பிட்டா சுறுசுறுப்பா தெரியுமில்ல?

எழுதுவதை அன்றைக்கே எழுது, ஏனென்றால் அவர் சொன்னதை நீயே மறுநாள் மறந்துவிடுவாய். அனுப்புவதை அடுத்த வேலை நாள் காலைக்கு வை, மிஞ்சிப்போனால் இரண்டாவது வேலை நாள். சனிக்கிழமை மாலையில் அனுப்பினால் திங்கள் காலையில் அவர் பெட்டியைத் திறக்கும்போது வாரயிறுதிக் குப்பைக்கு அடியில் இருக்கும். Gmail-இல் எழுதி முடித்ததும் மேலே மூன்று புள்ளியைத் தட்டினால் Schedule send என்று இருக்கும், திங்கள் காலை ஒன்பதோ பத்தோ மணிக்கு வைத்துவிட்டு நீ நிம்மதியாகத் தூங்கலாம். தோட்டத்தில் லைன் கிடைக்காதவர்களுக்கும் இது வசதி. கடையில் உட்கார்ந்து வைத்துவிட்டுப் போனால் போதும், அந்த நேரத்தில் உன் போனில் லைன் இல்லாவிட்டாலும் அது போய்விடும்.

ஒரு விஷயம் பாரு. எல்லா மாநிலத்துக்கும் ஞாயிறு லீவு இல்லை. கெடா, கிளந்தான், திரங்கானுவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். ஜொகூர் 2025 ஜனவரியிலிருந்து சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. அலோர் ஸ்டாரில் இருக்கும் ஓர் அரசு அதிகாரிக்கு வியாழன் சாயங்காலம் அனுப்புவது, இங்கே வெள்ளி சாயங்காலம் அனுப்புவதற்குச் சமம். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளியை ஒட்டிய நாள்களிலும் அனுப்பாதே, முதலாளி யார் என்பதைப் பொறுத்துச் சில தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் கூட மூடியிருக்கும்.

கார்டுல பேரு நீளமா இருக்கு. எதைக் கூப்பிட்டு எழுதறது?

இந்த நாட்டில் இது எல்லாருக்கும் வரும் குழப்பம்தான். சீனர் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும், Tan Wei Ming என்று இருந்தால் அவர் திரு. டான், திரு. மிங் இல்லை. அதுவே Kevin Tan என்று இருந்தால் டான் கடைசியில் இருக்கிறது, அப்போதும் திரு. டான்தான். மலாய்க்காரர் பெயரில் பின், பிந்தி என்பதற்குப் பிறகு வருவது அப்பா பெயர், அதை வைத்துக் கூப்பிடுவது அவருடைய அப்பாவுக்கு எழுதுகிற மாதிரி. Azman bin Yusof என்றால் என்சிக் அஸ்மான். பெண் என்றால் புவான், கல்யாணம் ஆனதா என்று தெரியாத இளையவர் என்றால் சிக். நம்முடைய பெயரிலும் அதே கதைதான், a/l, a/p என்பதற்கு முன்னால் இருப்பதுதான் அவர் பெயர்.

பட்டம் இருந்தால் விடாதே. டத்தோ, டாக்டர் எல்லாம் உனக்குத் தெரியும். Ir. என்று இருந்தால் அதை எழுத்துப் பிழை என்று நினைத்துத் தூக்கிவிடுகிறார்கள். அது பொறியாளர் வாரியத்தில் பதிந்த தொழில்முறைப் பொறியாளருக்கு உரியது, வருடக்கணக்கில் உழைத்து வாங்கியது. அதைப் போட்டு எழுதினால் அட்டையை ஒழுங்காகப் படித்திருக்கிறாய் என்று தெரியும்.

அவர் நம்ம ஆளுதான் அக்கா. நேர்ல "அங்கிள்"னுதான் கூப்பிட்டேன், "எங்க தோட்டத்துக்காரப் பிள்ளையா"ன்னு பாசமா பேசினார். இமெயில்லயும் அங்கிள் போடலாமா?

போடாதே. நேரில் அங்கிள் என்றது சரி, அது மரியாதைதான். ஆனால் முதல் கேள்வியில் சொன்ன மாதிரி இந்த இமெயில் வேறொருவர் கைக்குப் போகப்போகிறது. அங்கே "அங்கிள்" என்று இருந்தால் சொந்தக்காரப் பிள்ளையைத் திணிக்கிறார் என்று நினைப்பார்கள், அதற்குப் பயந்தே அவர் அதை யாருக்கும் அனுப்பாமல் வைத்துக்கொள்வார். உன் மேல் பாசம் வைத்தவருக்கே நீ தர்மசங்கடம் உண்டாக்குகிறாய். திரு. போட்டு எழுது, உள்ளே "நீங்களும் சுங்கை சிப்புட் பக்கம் வளர்ந்தவர் என்று சொன்னீர்கள்" என்று ஒரு வரி இருக்கட்டும். அடையாளத்துக்கு அதைவிட நல்ல வரி கிடைக்காது.

எந்த மொழியில எழுதறது? என் இங்கிலீஷ் கொஞ்சம் ஒரு மாதிரி.

அவர் உன்னிடம் எந்த மொழியில் பேசினாரோ அதில். மலாயில் பேசினார் என்றால் மலாயில் எழுது, உனக்கு அது சரளமாகவும் வரும், பள்ளியில் கடிதம் எழுதிப் பழகியிருக்கிறாய். அரசு அலுவலகம் என்றால் யோசிக்காமல் மலாய். தமிழில் பேசியிருந்தால் அவருடைய அலுவலகம் எதில் நடக்கிறதோ அதில், காரணம் மேலே சொன்னதுதான்.

ஆங்கிலம் சுமார் என்றால் வாக்கியத்தைச் சின்னதாக்கு. பெரிய சொல் தேடிப் போய் மாட்டிக்கொள்ளாதே. இந்த இமெயிலில் மொத்தமே ஏழெட்டு வாக்கியம், ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு சொல் இருந்தால் பிழை விட இடமே இல்லை. பிழை இருக்கக் கூடாத இடம் இரண்டு: அவர் பெயர், அவர் நிறுவனத்தின் பெயர். அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்.

ரெசுமி, எஸ்.பி.எம். சர்டிபிகேட், ஐ.சி. காப்பி எல்லாத்தையும் சேர்த்து ஒரே பைலா ஸ்கேன் பண்ணிக் கொடுங்கக்கா, இணைச்சிடறேன்.

ஸ்கேன் பண்ணிக் கொடுத்தால் எனக்குக் காசு, ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இது விண்ணப்பம் இல்லை, ஞாபகப்படுத்தும் கடிதம். கேட்காமல் பெரிய பைல் வந்தால் திறக்க யோசிப்பார்கள், சில நிறுவனங்களின் சர்வரே தடுத்து வைத்துவிடும். கண்காட்சியில் "ரெசுமி அனுப்பு" என்று அவரே சொல்லியிருந்தால் மட்டும் ரெசுமியை இணை, பிடிஎப்-ஆக, பைல் பெயரில் உன் பெயர் இருக்கிற மாதிரி. "scan0012.pdf" என்று பத்துப் பேர் அனுப்பினால் அவர் எதை யாருடையது என்று தேடுவார்?

ஐ.சி. காப்பி எந்தக் காரணத்துக்காகவும் இப்போது போகக் கூடாது. அதில் உன் முகம், பிறந்த தேதி, முகவரி எல்லாம் இருக்கிறது. வேலை உறுதியாகி, நியமனத் தாள்களை நிறுவனம் கேட்கும்போது கொடுத்தால் போதும். அதுவும் மேலே குறுக்காகக் கோடு போட்டு எந்த நிறுவனத்துக்காக என்று எழுதித்தான் கொடுக்க வேண்டும், பேங்குக்குக் கொடுக்கிற மாதிரி.

என் இமெயில் முகவரி பள்ளிக்கூடத்துல கொடுத்தது, அதுலயே அனுப்பலாமா?

moe-dl.edu.my என்று முடிகிற அந்தக் கணக்கு நீ மாணவனாக இருக்கும் வரைக்கும்தான். பாலிடெக்னிக், பல்கலைக்கழகக் கணக்குகளையும் படிப்பு முடிந்தபின் அவர்கள் மூடிவிட வாய்ப்பு உண்டு. மூன்று மாதம் கழித்து அவர் பதில் போடும்போது அது மூடியிருந்தால் உனக்குத் தெரியவே தெரியாது. பெயரோடு ஒரு Gmail திறந்துகொள். ஏற்கெனவே இருப்பது "தல ரசிகன்" வகை முகவரி என்றால் அதை நண்பர்களுக்கு வைத்துக்கொள்.

என்ன பேசினோம்னே ஞாபகம் இல்லையே. நாலு கார்டு இருக்கு, யார் எதுன்னுகூடத் தெரியல.

இதற்கு நிகழ்ச்சியில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒருவரிடமிருந்து நகர்ந்ததும் அட்டையின் பின்பக்கம் மூன்று சொல் கிறுக்கிவிடு, அடுத்தவரிடம் போவதற்கு முன்னால். "பேரிங், இரவு ஷிப்ட், மீசை" போதும். அவர் கண்ணெதிரில் கிறுக்காதே. சில அட்டைகள் வழுவழுப்பாக இருக்கும், பேனா பிடிக்காது, அப்போது போனில் அட்டையைப் படம் எடுத்து அடியில் குறித்துக்கொள்.

இப்போது ஒன்றும் இல்லையென்றால், கூடப் போன நண்பனைக் கேள், அவனுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு எடுத்த படங்களை வரிசையாகப் பார், எந்தக் கூடத்துக்குப் பிறகு எது என்று ஓரளவு பிடிபடும். அப்படியும் வரவில்லையா, கற்பனை பண்ணி எழுதாதே, அவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதினால் அங்கேயே முடிந்தது. அவர் கூடத்தில் இருந்த ஏதாவது ஒன்றை, அவர்கள் வைத்திருந்த இயந்திர மாதிரியையோ கொடுத்த கையேட்டில் நீ படித்த ஒரு விஷயத்தையோ சொல்லி ஒரு கேள்வி கேள். பேச்சை நினைவுபடுத்துகிற அளவுக்கு வேலை செய்யாது, ஆனால் பொய் இல்லை.

அனுப்பி நாலு நாள் ஆச்சு, பதிலே இல்ல. கோவமா இருப்பாரோ?

கோபப்பட அவருக்கு உன்னை ஞாபகம் இருக்க வேண்டுமே. முதலில் உன் பெட்டியைப் பார். Mail Delivery Subsystem என்ற பெயரில் ஏதாவது வந்திருந்தால், உள்ளே Address not found என்று இருந்தால், முகவரியில் பிழை. இங்கே அடிக்கடி நடப்பது கடைசியில் இருக்கும் .my விட்டுப்போவது. com.my என்று முடிய வேண்டியதை .com என்று அடித்துவிடுவார்கள். அந்தப் பெயரில் வேறு எங்கோ ஒரு நிறுவனம் இருந்தால் திரும்பிக்கூட வராது, யாரோ ஒருவர் பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே Sent-ஐத் திறந்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார். ஸ்பாம் பெட்டியையும் பார், அவர் பதில் அங்கே விழுந்திருக்கலாம்.

எல்லாம் சரி என்றால் ஒரு வாரம், பத்து நாள் பொறு. பிறகு ஒரே ஒரு தடவை, புதிதாக எழுதாமல் பழைய இமெயிலுக்கு மேலேயே பதில் போட்டு அனுப்பு, அப்போது முதல் கடிதம் அடியிலேயே இருக்கும், அவர் தேட வேண்டியதில்லை. இரண்டு வரி போதும்: "போன வாரம் எழுதியது உங்கள் கண்ணில் பட்டிருக்காமல் இருக்கலாம் என்று மறுபடி அனுப்புகிறேன். படிப்பு முடிந்துவிட்டது, இப்போதே வேலைக்கு வர முடியும்." இரண்டாவதில் புதிதாக ஒரு தகவல் இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் அது வெறும் நச்சரிப்பு. அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடு. அவர் தோட்டத்து வீட்டைத் தேடிப் போவது, கம்பெனி முன்வாசலில் நின்று காவலாளியிடம் அவர் பெயரைச் சொல்வது எல்லாம் வேண்டாம். கேட்கத்தான் செய்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

பதில் வந்துச்சு, ஆனா "வெப்சைட்ல அப்ளை பண்ணுங்க"ன்னு ஒரே வரி. கழட்டி விட்டுட்டாரா?

தெரியாது, கழட்டி விட்டிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பல நிறுவனங்களில் மேலாளர் விரும்பினாலும் விண்ணப்பம் அவர்கள் பக்கத்தின் வழியாகத்தான் வர வேண்டும். சிலர் MYFutureJobs-இல் போட்டிருப்பார்கள், அது சொக்சோ நடத்துவது. அன்றைக்கே விண்ணப்பித்துவிடு. அதன் பிறகு அதே இமெயிலில் அவருக்குப் பதில்: "நீங்கள் சொன்னபடி இன்று விண்ணப்பித்துவிட்டேன், இந்தப் பதவிக்கு, இந்த எண்." அந்த எண்தான் முக்கியம். அவருக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் அதை மனிதவளப் பிரிவிடம் சொல்ல முடியும். இல்லையென்றாலும் உனக்கு நஷ்டம் இல்லை.

ஒரே கம்பெனியில ரெண்டு பேர்கிட்ட பேசினேன். ரெண்டு பேருக்கும் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பாதே, அவர்கள் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒவ்வொருவருக்கும் அவரவர் சொன்னதை வைத்து எழுது. சின்னக் கோரிக்கையை மட்டும் ஒருவரிடம் வை, யார் உனக்கு வேண்டிய பிரிவில் இருக்கிறாரோ அவரிடம். மற்றவருக்கு எழுதும்போது "திரு. லிம்மிடமும் இதைக் கேட்டிருக்கிறேன்" என்று மறைக்காமல் சொல்லிவிடு.

என் மகன் கூச்ச சுபாவம் தங்கச்சி. அவன் சார்பா நானே அந்த மேனேஜருக்கு எழுதிடட்டுமா? கூடப் போனதும் நான்தான்.

அக்கா, உங்கள் கவலை புரிகிறது, ஆனால் வேண்டாம். அம்மா எழுதினால் பையன் வேலைக்கு வர விருப்பமில்லாதவன் என்றுதான் அங்கே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் செய்யக்கூடியது வேறு. கூட நின்றவர் நீங்கள், அந்த மேனேஜர் சொன்னது அவனைவிட உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அவனை உட்காரவைத்து அதைச் சொல்லுங்கள், அவன் கையால் அடிக்கட்டும். உள்ளே "என் அம்மாவோடு வந்திருந்தேன்" என்று அவன் எழுதினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அப்படி வந்த பிள்ளைகள் அன்றைக்குக் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள், அவரும் டக்கென்று பிடித்துக்கொள்வார்.

பேரை மாத்தி எழுதிட்டேன்! திரு. டானுக்கு திரு. லிம்னு போய்டுச்சு. இப்ப என்ன பண்றது?

Gmail-இல் அனுப்பியவுடன் கீழே Undo என்று வரும், அதை அழுத்தினால் நிறுத்திவிடலாம், கணினியில் Gmail-ஐத் திறந்து அமைப்பில் போய் அந்த நேரத்தை 30 வினாடி வரை நீட்டி வைத்துக்கொள்ளலாம். அது தாண்டிவிட்டால் அன்றைக்கே இன்னொரு கடிதம்: "மன்னிக்கவும் திரு. டான், முந்தைய கடிதத்தில் உங்கள் பெயரைத் தவறாக எழுதிவிட்டேன், சரியானது கீழே." காரணம் சொல்லாதே. பத்து அட்டைக்கு ஒரே நேரத்தில் எழுதினேன் என்று சொன்னால் இன்னும் மோசமாகிவிடும்.

அந்தக் கண்காட்சி முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, நான் அனுப்பவே இல்ல. இப்ப அனுப்பினா சிரிப்பாங்களா?

சிரிக்க மாட்டார்கள், ஆனால் ஞாபகப்படுத்தும் வரி இப்போது இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும். மாதத்தைச் சொல், கூடத்தைச் சொல், அவர் சொன்னதை இன்னும் குறிப்பாகச் சொல். ஏன் தாமதம் என்று பத்தி பத்தியாக விளக்காதே, "அப்போதே எழுதியிருக்க வேண்டும்" என்று அரை வரி போதும். அப்புறம் இந்த மூன்று மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்: புராஜெக்ட் முடிந்தது, பயிற்சி முடிந்தது, லைசென்ஸ் எடுத்தாய், எதுவாக இருந்தாலும் சரி. அவர் சொன்ன யோசனைப்படி ஏதாவது செய்திருந்தால் முதல் வரியாகவே அதைப் போடு. "போய் அந்த சென்சார் பயிற்சியை எடுத்துப் பார் என்று சொன்னீர்கள், எடுத்தேன்" என்று தொடங்கும் கடிதத்துக்கு மூன்று மாதத் தாமதமே ஒரு நியாயம்.

முகவரி இன்னும் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். ஆள்கள் கம்பெனி மாறுகிறார்கள். திரும்பி வந்தால் நிறுவனத்தின் பொது எண்ணுக்குப் போன் போட்டு அவர் பிரிவில் இப்போது யார் என்று கேள், அந்தப் புதியவருக்கு எழுதும்போது முன்பு இருந்தவரோடு பேசியதைச் சொல்லித் தொடங்கு.